டேப் ஒட்டிய பில்

முப்பத்தைந்து வருஷம் மத்திய அரசின் தணிக்கை அலுவலகத்தில் அடுத்தவர் பில்லில் குற்றம் கண்டுபிடித்தே காலம் தள்ளியவர் கலியமூர்த்தி. ஓய்வுக்குப் பிறகு டெல்லி கிட்வாய் நகரில் மகள் சிந்துவின் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு, கரோல் பாக்கில் விஜயன் நடத்தும் கிரைண்டர் கடைக்குக் கணக்கு எழுதப் போய்வந்தார். சம்பளம் ஒன்றும் பெரிதில்லை. மருமகனுக்கு முன்னால் தினமும் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்ப ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு நாள் கார்டு மெஷின் வசூல் கணக்கில் 14,790 ரூபாய் குறைந்து வந்தது. கோல் மார்க்கெட் சேஷு என்கிற வாடிக்கையாளர், கார்டில் பணம் கட்டிய கிரைண்டர் தனக்கு வரவே இல்லை என்று தன் வங்கியில் புகார் கொடுத்திருந்தார். அந்த வங்கி விற்பனைத் தொகை 14,200ஐத் திரும்ப எடுத்துக்கொண்டது. தகராறுக் கட்டணம் 500, அதற்கு வரி 90, இரண்டையும் கடையின் வங்கி பிடித்துக்கொண்டது. சாமான் போய்ச் சேர்ந்ததற்குக் கையெழுத்துள்ள சாட்சியை ஏழு நாளில் அனுப்பினால் எதிர்த்து வாதாடலாம்.

"சாமான் போச்சுல்ல சார்?" என்றான் விஜயன்.

"போச்சு தம்பி. நம்ம டெலிவரி ஆளு பில்லுலயே கையெழுத்து வாங்கியாந்தான். நான் ஒரு காகிதத்தையும் தொலச்சவன் இல்ல."

உண்மைதான், தொலைக்கவில்லை. மெஷினில் வரும் அந்த வழவழப்பான பில் கிழிந்துவிடும், சுருண்டுவிடும் என்று இரு பக்கமும் கண்ணாடி டேப் ஒட்டிக் கோப்பில் வைப்பது அவர் வழக்கம். அலுவலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை என்று உள்ளூரப் பெருமை வேறு. கோப்பைத் திறந்தார். பில்லில் ஓர் எழுத்து இல்லை. டேப்பின் பசை இரண்டு மாதத்தில் அச்சையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. பால்பேனாவில் போட்ட "சேஷு" மட்டும் வெள்ளைக் காகிதத்தின் அடியில் கம்பீரமாக நின்றது.

கம்ப்யூட்டரிலிருந்து பில்லை மறுபடி அச்சடித்தார்கள். அதில் எல்லாம் இருந்தது, கையெழுத்து இல்லை. கையெழுத்து இருந்த காகிதத்தில் வேறொன்றும் இல்லை. இரண்டையும் சேர்த்து அனுப்பியதற்கு வங்கி ஒரே வரியில் பதில் எழுதியது: சாட்சி போதாது.

இத்தனை நாள் அந்தத் தொகையை வங்கியிடமிருந்து வரவேண்டியது என்று தனியாக நிறுத்தி வைத்திருந்தார். இனி நிறுத்த நியாயமில்லை. 14,200க்கு விற்பனையைத் திருப்பி எழுதினார். 500ஐத் தகராறுக் கட்டணம் என்று செலவில் எழுதினார். 90ஐ மட்டும் வரிக் கணக்கில் ஏற்றினார், அது கடை கட்டவேண்டிய வரியில் கழிந்துவிடும். சாட்சிக் காகிதம் சரியில்லை என்கிற இதே காரணத்துக்காக எத்தனை பேருடைய பதவி உயர்வை ஆட்சேபணை எழுதி நிறுத்தியிருப்பார்!

விஜயன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தப்பா எடுத்துக்காதீங்க சார். அடுத்த மாசத்துலேர்ந்து கணக்க ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிகிட்ட குடுத்துடலாமான்னு பாக்கறேன்."

"அந்த சேஷு திருடன்பா!" என்றார் கலியமூர்த்தி. வாழ்க்கையில் யாரையும் அவர் அவ்வளவு மனதாரத் திட்டியதில்லை.

மறுவாரம் அந்தத் திருடனே முழங்கால் வலியோடு படியேறி வந்தார். கையில் மஞ்சள் பை.

"நான் சேஷு. பேங்க்ல முழுப் பணத்தையும் எனக்கே போட்டுட்டா. கிரைண்டர்ல தெனம் மாவாட்டறோம், பணத்தையும் வெச்சுண்டா பாவமில்லையா?"

"கிரைண்டர் வரலைன்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க?" கலியமூர்த்தி எழுந்தே விட்டார்.

"சிவ சிவா! கூட வரவேண்டிய தேங்கா துருவி வரலைன்னேன். போன்ல அந்தப் பொண்ணு, 'சாமான் மிலா கி நஹி?'ன்னா, வந்துதா இல்லையான்னு. 'நஹி மிலா', வரலைன்னேன். அவ என்னத்தப் பதிஞ்சாளோ!"

"ஒரு துருவிக்கு பேங்குக்கா போவாங்க? கடைக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"போடாம இருப்பேனா? நம்பருக்குப் பில்லத்தானே பாக்கணும்?" சேஷு பைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நான் இங்க பணம் கட்டினப்போ நீங்கதானே, கிழியாம இருக்கட்டும்னு ரெண்டு பக்கமும் ஒட்டிக் குடுத்தேள்?"

இரு பக்கமும் சுத்தமாக, ஒரு சுருக்கமில்லாமல் டேப் ஒட்டிய வெள்ளைக் காகிதம். இதில் கையெழுத்துகூட இல்லை.

கலியமூர்த்திக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பர்ஸைத் திறந்து ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து விஜயன் பக்கம் நகர்த்தினார்.

"கட்டணம் திரும்பி வராது தம்பி. என் கணக்குல இருக்கட்டும்." சற்று யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "அந்தத் தொண்ணூறு வேணாம். அது வரியில கழிஞ்சுரும்."

விஜயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழிந்த பில்லிலும் தொண்ணூறைச் சரியாகக் கழிக்கிற ஆளை எந்தக் கம்பெனி அனுப்பும்? நோட்டைத் திருப்பி அவர் சட்டைப் பையிலேயே செருகினான். சேஷுவிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, துருவியை எடுத்துக் கொடுத்து, புதிய பில்லை அச்சடித்தான்.

பில் மெஷினிலிருந்து வெளியே வந்ததும் கலியமூர்த்தியின் கை தானாக நீண்டது. அதற்குள் விஜயன் டேப் சுருளை எடுத்துத் தன் டிராயரில் போட்டுப் பூட்டியிருந்தான்.