நாற்பதுக்குள் ஒரு கேள்வி

அலுவலகத்தில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது மேலாளர். எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் பாதியாக்கித் தந்துவிடுவாள் என்பதால் வந்த பெயர். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் அந்தச் செயலியில் அவள் வேலையே அதுதான். ஜனங்களின் கைபேசித் திரையில் 'டிங்' என்று வந்து விழுகிற அந்த ஒற்றை வரியை எழுதுவது.

தலைப்புக்கு இருபத்துநான்கு எழுத்து, கீழ் வரிக்கு நாற்பது. அதற்கு மேல் போனால் பெட்டி சிவப்பாகிவிடும். நாற்பது என்றால் நிறைய என்று தோன்றும். ஆனால் அந்தக் கணக்குக்குத் தமிழ் தெரியாது. புள்ளியைத் தனியாக எண்ணும், துணைக்காலைத் தனியாக எண்ணும், கொக்கியைத் தனியாக எண்ணும். 'அம்மா' என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. வேலையில் சேர்ந்த புதிதில் அவள் ஒருநாள் முழுக்க ஒற்று வராத சொற்களாகத் தேடி அலைந்திருக்கிறாள்.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் மேலாளர் சலுகை விவரத்தை அனுப்பினார். எல்லோருக்கும் ஒரே வரி, 'குடும்பத்தோடு கொண்டாடுங்க' என்று இருந்தால் போதும் என்றார். கத்திரி ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒத்தைத் தட்டுக்காரங்களுக்கும் அதே வரியா சார்?"

ஒத்தைத் தட்டு என்பது அலுவலகத்தில் வழங்கும் பெயர். எப்போது ஆர்டர் செய்தாலும் ஒரே ஒரு ஆளுக்கான சாப்பாடு வாங்குகிறவர்களின் பட்டியல். அறுபதாயிரம் பேர்.

"அவங்களுக்கு மட்டும் என்ன தனியா?"

"தனியா இருக்கறவங்ககிட்ட போய் குடும்பத்தோடன்னு சொன்னா எப்படி சார்? வேற வரி எழுதித் தர்றேன்."

"எழுது, எழுது. நாற்பதைத் தாண்டாம இருந்தா சரி."

அவள் அப்படிப் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பட்டியலில் அவளும் உண்டு. புருஷனைப் பிரிந்து இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம். அம்மாவும் அக்காவும் ஒன்பது மணி நேரப் பயணத்தில் இருக்கிறார்கள். இந்த முறை பண்டிகைக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். வேலை இருந்தது உண்மைதான். அதை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. போனால் கூடத்தில் உறவுக்காரர்கள் உட்கார்ந்துகொண்டு, "அடுத்து என்ன யோசிச்சிருக்கே?" என்று கேட்பார்கள்.

மூன்று நாள் எழுதினாள், அழித்தாள், எழுதினாள். கடைசியில் இது வந்தது.

'வீட்டுக்கு யாரும் வரலையா? நாங்க வர்றோம்!'

பெட்டியின் ஓரத்தில் எண் சரியாக நாற்பதில் நின்றது. மேலே தலைப்பு, 'ஒரு தட்டுக்கும் சலுகை', இருபத்தொன்று. இழுப்பறையில் பரிசோதனைக்கென்று கிடக்கும் மூன்று பழைய கைபேசிகளுக்கு அனுப்பிப் பார்த்தாள். மூன்றிலும் வரி முழுசாக வந்தது. மேலாளரும் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டு ஆள் பேசற மாதிரி இருக்கு" என்று ஒப்புதல் கொடுத்தார். அவளுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலை கச்சிதமாகக் கைகூடியது போல இருந்தது.

பண்டிகையன்று அலுவலகம் வெறிச்சென்றிருந்தது. அவளும் உதவிப் பிரிவில் நான்கு பேரும் மட்டும். குளிர்சாதனம் முழு வீச்சில் ஓட, ஆளில்லாத நாற்காலிகளுக்கு நடுவே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலாளர் வீட்டிலிருந்தபடி போனில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

பதினொன்றரைக்கு முதல் தொகுதி போனது. அறுபதாயிரம் பேருக்கும் ஒரே நொடியில் அனுப்பினால் ஆர்டர்கள் குவிந்து சமையலறைகள் திணறிவிடும். அதனால் பத்தாயிரம் பத்தாயிரமாக, ஐந்து நிமிட இடைவெளியில். அவள் கைபேசியும் சிணுங்கியது. தான் எழுதிய வரியைத் தானே பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டாள்.

மூன்றாவது தொகுதி போன சற்று நேரத்தில் உதவிப் பிரிவின் பொறுப்பாளர் அவள் மேசைக்கு ஓடிவந்தாள். வயதில் இளையவள், எதற்கும் பதறாதவள். இன்று முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, என்ன அனுப்பினீங்க? உதவி அரட்டைல வந்து திட்டறாங்க."

"ஏன்? சலுகை வேலை செய்யலையா?"

"அதெல்லாம் இல்லக்கா. இதைப் படிங்க."

மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஒருவர் எழுதியிருந்தார்: 'நல்ல நாளும் அதுவுமா இப்படியா அனுப்புவீங்க?' இன்னொருவர்: 'சோறு விக்கறவங்களுக்கு என் வீட்டு நிலவரம் எதுக்கு?' மூன்றாவதாக ஒருவர் எதுவும் எழுதாமல் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அந்தப் படத்தில் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்தன.

'வீட்டுக்கு யாரும் வரலை…'

கத்திரிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. கண் சரியாகத் தெரியாதவர்கள் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். எழுத்து பெரிதானால் வரியில் இடம் குறையும், மிச்சத்தை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்துவிடும். அவளுடைய வரியில் வெட்டு 'யா'வுக்கு முன்னால் விழுந்திருந்தது. கேள்வி போய்விட்டது. நாங்கள் வருகிறோம் என்பதும் போய்விட்டது. மூன்று பழைய கைபேசிகளில் பார்த்தாளே தவிர, ஒன்றிலாவது எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அதுவும் தனியாக இருக்கும் வயதானவர்கள்.

நான்காவது தொகுதி போக இரண்டு நிமிடம் இருந்தது. நிறுத்தினாள். மேலாளரைக் கூப்பிட்டாள். பின்னணியில் குழந்தைகளின் கூச்சல்.

"போனதைத் திரும்ப எடுக்க முடியுமா?" என்றார் அவர்.

"எடுக்க முடியாது சார். ஆனா அதே அடையாள எண்ல வேற வரி அனுப்பினா, பழசு இருக்கற இடத்துல புதுசு வந்து உக்காந்துடும். பழசைத் திரையிலேர்ந்து தள்ளிவிட்டவங்களுக்கு மட்டும் புதுசா வரும்."

"சரி, 'மன்னிக்கவும்'னு அனுப்பு."

"பாதிப் பேர் இன்னும் போனையே எடுத்துப் பாத்திருக்க மாட்டாங்க சார். எதுக்கு மன்னிப்புன்னு பயந்துடுவாங்க."

"அப்போ நீயே முடிவு பண்ணு. பத்து நிமிஷம்தான். சாப்பாட்டு நேரம் போயிடும்."

அவள் தன் கைபேசியில் எழுத்தின் அளவை ஆகப் பெரிதாக வைத்தாள். திரையில் இருபத்துச் சொச்சம்தான் நின்றது. சலுகையைத் தலைப்பு பார்த்துக்கொள்ளும். கீழ் வரி எங்கே வெட்டுப்பட்டாலும் யாரையும் காயப்படுத்தக் கூடாது. வெட்டே படாமல் இருந்தால் இன்னும் நல்லது. 'உங்களுக்கும் விருந்து' என்று எழுதினாள். அந்த 'உம்' கருணை காட்டுவது போல இருந்தது. அழித்தாள். 'இன்று உங்களுக்காக' என்று எழுதினாள். பொய். அதையும் அழித்தாள்.

பொறுப்பாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, நீங்க காலைலேர்ந்து டீகூடக் குடிக்கலையே. சாப்பிட்டாச்சா?"

கத்திரி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதையே தட்டினாள். 'சாப்பிட்டாச்சா?' பதினைந்து. ஆகப் பெரிய எழுத்திலும் கேள்விக்குறியோடு முழுசாக நின்றது.

போன முப்பதாயிரம் பேருக்கு மாற்றாக ஒன்று, மீதி முப்பதாயிரத்துக்குப் புதிதாக ஒன்று. அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். திட்டுகள் மெல்லக் குறைந்தன.

"இது ஒண்ணு மட்டும் இருக்குக்கா" என்றாள் பொறுப்பாளர். "திட்டவும் இல்ல, சலுகையும் கேக்கல. என்ன பதில் போடறதுன்னே தெரியல. நீங்களே எழுதிடுங்க."

மடிக்கணினியை வைத்துவிட்டுப் போனாள். திரையில் ஒரு வரி இருந்தது.

'ஆமாம், வரலை. உங்களுக்கு எப்படித் தெரியும்?'

அரட்டைப் பெட்டியில் எழுத்துக் கணக்கு கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். அவள் எழுதி எழுதி அழித்தாள். இத்தனை இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னாள்.

'எங்களுக்குத் தெரியாதுங்க. வரலையான்னு கேள்வியாத்தான் எழுதினேன். உங்க போன்ல பாதி வெட்டிப்போச்சு. தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுங்க.'

பதில் வர நேரமானது. அந்தப் பக்கம் யாரோ ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

'கேள்வின்னாலும் பதில் அதேதான்.'

பிறகு இன்னொன்று: 'நான் ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவன். முப்பத்தஞ்சு வருஷம் எல்லா நல்ல நாளும் வண்டியிலதான். இப்ப நான் வீட்ல இருக்கேன், பையன் வேலையில இருக்கான். வரேன்னான். நேத்து சாயந்தரம் லீவு இல்லைன்னுட்டான்.'

அந்தப் பையனுக்கு நிஜமாகவே லீவு இல்லையா என்று கத்திரிக்குத் தோன்றியது. தோன்றியதும் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

'அடுத்த லீவுல வந்துடுவாருங்க' என்று எழுதினாள்.

'அப்படித்தான் நானும் வீட்ல சொல்லுவேன், வேலையில இருந்தப்போ. இப்ப வந்த கேள்வி முழுசா தெரியுது. சாப்பிட்டாச்சு. ரெண்டு முட்டை பொரிச்சுக்கிட்டேன். நீங்க சாப்பிட்டீங்களா? நல்ல நாள்ல வேலையா?'

இத்தனை மாதத்தில் எத்தனையோ லட்சம் பேருக்கு எழுதியிருக்கிறாள். திருப்பி யாரும் கேட்டதில்லை. கேட்கிற வழியும் இல்லை.

'இன்னும் இல்லைங்க. வேலைதான். நானா கேட்டு வாங்கினது' என்று எழுதினாள். அவள் அம்மாவிடம் சொல்லாததை, முகம் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டாள்.

'வீட்ல எதிர்பாப்பாங்களே.'

அதற்குப் பதில் எழுதத் தொடங்குவதற்குள் மேலாளர் கூப்பிட்டார். மாற்று வரியை முதலாவதைவிட அதிகம் பேர் திறக்கிறார்கள், ஆர்டர் மட்டும் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை என்றார். இனிமேல் எழுத்தைப் பெரிதாக்கியும் பரிசோதிக்க வேண்டும் என்று அவள் பரிசோதனைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னாள். "சேத்துடலாம் கத்திரி. போய் சாப்பிடு" என்று வைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தபோது அரட்டை மூடியிருந்தது. பத்து நிமிடம் பதில் வராவிட்டால் தானாகவே மூடிக்கொள்ளும். அதற்கு முன்னால் அவர் எழுதிய கடைசி வரி இருந்தது: 'சரி, வேலையா இருப்பீங்க. வைக்கறேன்.' வாடிக்கையாளரை நிறுவனம் தானாகத் திரும்ப அழைக்க அனுமதி இல்லை. கீழே ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பினாள். எதிர்வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து அவள் கதவுவரை வழிந்திருந்தன. ஒரு ஜோடியை ஓரமாக நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தாள். விளக்குப் போடாமலே அம்மாவைக் கூப்பிட்டாள். அக்காதான் எடுத்தாள்.

"அம்மா எல்லாருக்கும் பரிமாறிட்டு இருக்காங்கடி. கை ஈரம். அப்புறம் பேசச் சொல்றேன். வேலை முடிஞ்சுதா?"

"வேலை அவங்களா குடுத்தது இல்லக்கா. நானா கேட்டு வாங்கிக்கிட்டேன்."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும் யாரோ உரக்கச் சிரிப்பதும் கேட்டது.

"என்னடி சொன்னே? இங்க ஒரே சத்தம், காதுல விழல."

"ஒண்ணுமில்ல. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். எவ்வளவு நேரமானாலும் கூப்பிடச் சொல்லு."

போனை மேசைமேல் திரை தெரியும்படி வைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு விருந்தாளிகள் யாரையோ கேலி செய்துகொண்டிருந்தார்கள். கேலி என்னவென்று புரியவில்லை. ஆனாலும் அவள் அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.