மீதிப் படிகள்

சம்பத்குமார் ஆடிட்டர். தூத்துக்குடியை ஒட்டிய புதுக்கோட்டையில் வீடு கட்டியிருந்தார். மாடிப்படிக்கு டைல்ஸ் ஒட்டுவதுதான் பாக்கி.

கடைக்கார நயினார் அளவைப் பார்த்துச் சொன்னார். மிதிக்கும் இடத்துக்கு ஸ்டெப் டைல்ஸ். படியின் நிமிர்ந்த முகத்துக்கு ரைசர். படி திரும்பும் லேண்டிங்குக்குப் பெரிய டைல்ஸ். விளிம்புகளுக்கு அலுமினிய நோசிங் பட்டை.

"பத்து பர்சன்ட் வேஸ்டேஜும் சேத்துருக்கேன் சார்."

"வேஸ்ட்டாப் போறதை ஏன் அண்ணாச்சி வாங்கணும்?"

"வெட்டும்போது ஒடையும்லா."

"ஒடையலேன்னா?"

நயினாரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. "ஒடையும் சார்" என்றார்.

உடையவில்லை. கொத்தனார் செந்தூர்வேல் கடைசிப் படிக்கு நோசிங் வைத்துவிட்டுக் கையைக் கழுவினான். இரண்டு ஸ்டெப் டைல்ஸும் ஒரு ரைசரும் மீந்தன. பிரித்த பெட்டியைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

சம்பத்குமார் அவற்றின் முன் வெகுநேரம் நின்றார்.

"பொருள் மிச்சம் இருந்தா வேலை மிச்சம் இருக்குன்னு அர்த்தம்."

"பரண்ல போடுங்கோ" என்றாள் அவர் மனைவி கிருஷ்ணவேணி. வாடகை வீட்டில் அவள் பாத்திரங்களை எல்லாம் மூட்டை கட்டிவிட்டாள். அந்த வீட்டுக்கு வேறு ஆள் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. ஆவணி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம்.

"வேலை முடியாத வீட்டுல நான் குடியேற மாட்டேன்" என்றார் சம்பத்குமார்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக இரண்டு படி கட்டலாம் என்று முடிவாயிற்று. இரண்டு படிக்கு ரைசர் ஒன்று குறைந்தது. ஒரு பெட்டி வாங்கினார்கள். பெட்டியில் ஐந்து. நான்கு மீந்தன. நான்கு ரைசர் இருந்தால் நான்கு படி வேண்டும். ஸ்டெப் டைல்ஸ் வாங்கினார்கள்.

நோசிங் எட்டடி நீளம். படி மூன்றரை அடி. பட்டைக்கு இரண்டு படி போக, ஓரடித் துண்டு விழுந்தது.

"அது வேஸ்ட் சார்" என்றான் செந்தூர்வேல் ஆவலாக.

"துண்டா ஒட்டினா ஒட்டாதா?"

"ஒட்டும். அசிங்கமா இருக்கும்."

"அசிங்கம்னு ஒரு கணக்கு கிடையாது."

நாலடி ஸ்டெப் டைல்ஸில் வெட்டி எறிந்த அரையடித் துண்டுகளையும் அவர் பொறுக்கிக் கழுவி வைத்திருந்தார். ஏழு துண்டு சேர்ந்தால் ஒரு படி.

படி தொட்டியைத் தாண்டியது. கைப்பிடிச் சுவர் வந்ததும் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பினால் லேண்டிங். லேண்டிங்குக்கு ஒரு பெட்டி. அதிலும் மீந்தது.

"எங்கன போவுது சார் இது?" என்று கேட்டான் செந்தூர்வேல்.

"தீர்ற வரைக்கும்."

"நான் விளாத்திகுளத்துல ஒரு வேல ஒத்துக்கிட்டேன் சார்."

"அங்க படி உண்டா?"

"தரை மட்டும்தான்."

"கொடுத்துவச்சவா" என்றாள் கிருஷ்ணவேணி.

முகூர்த்தத்துக்கு முந்தின மாலை கடைசி ரைசரும் கடைசி ஸ்டெப்பும் கடைசி ஓரடித் துண்டும் ஒன்றாகத் தீர்ந்தன. மேல்படியில் ஏறி நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. அதற்கு மேல் ஒன்றுமில்லை. சம்பத்குமார் முதல் முறையாகச் சிரித்தார்.

காலையில் பால் காய்ச்சினார்கள். கிருஷ்ணவேணியின் அண்ணா ரங்கநாத் மந்திரம் சொன்னார். பந்தலில் இலை போட்டார்கள். செந்தூர்வேலும் உட்கார்ந்தான்.

நயினார் தாமதமாக வந்தார். கையில் ஜிகினாத் தாள் சுற்றிய கனமான நீளப் பெட்டி.

"என்ன அண்ணாச்சி இது?" கிருஷ்ணவேணி வாசலிலேயே மறித்தாள்.

"ரெண்டு ஸ்டெப் டைல்ஸ்மா. உங்க டிசைன்தான். பின்னால ஒடைஞ்சா மாத்தணும்லா. கம்பெனிக்காரன் இத நிறுத்திட்டான்."

"அவர் பாத்தாரா?"

"இல்ல."

அவள் பெட்டியை வாங்கினாள். தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறினாள். மொட்டை மாடி, தொட்டி, லேண்டிங், மேல்படி. கீழே சுவருக்கு வெளியே ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். பெட்டியை விட்டாள்.

சத்தம் கேட்டு எல்லோரும் இலையை விட்டு ஓடினார்கள். கட்டட வேலையில் மிஞ்சிய மணல் குவியலில் பெட்டி பாதி புதைந்திருந்தது. சம்பத்குமார் தாளைக் கிழித்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் முழுசா இருக்கு" என்றார்.

செந்தூர்வேல் மணலையும் பார்த்தான். அதுவும் மீதிதான்.

சம்பத்குமார் அண்ணாந்து பார்த்தார். "வேணி, வேலை முடியலை. வீட்டை விட்டு வெளில வா."

"வெளிலதானே இருக்கேன்" என்று கிருஷ்ணவேணி மேல்படியில் உட்கார்ந்தாள். "எழுந்துக்கறதா இல்லை. அடுத்த படியை என்னைச் சுத்திக் கட்டச் சொல்லுங்கோ."