பதினெட்டு டிகிரி இடைவெளி

கடைசிக் கோட்டை இழுத்ததும் ரஞ்சனிக்குப் பகீரென்றது. மணிலா அட்டையில் வரைந்த வட்டம் மூடவில்லை. கேரம் விளையாட்டுக்கான துண்டுக்கும் முதல் கோட்டுக்கும் நடுவே ஒல்லியாக ஓர் இடம் காலியாகக் கிடந்தது.

மலேசியாவின் கிள்ளானில் அவள் படிக்கும் இடைநிலைப் பள்ளியில், படிவம் ஒன்று எனப்படும் முதலாண்டு மாணவர்களுக்குப் புதிய விளையாட்டுக் கழகங்கள் வரப்போகின்றன. ஐந்தில் ஒரு பங்குப் பேராவது கேட்கும் விளையாட்டுக்குத்தான் இடம். யார் எதைக் கேட்கிறார்கள் என்று விசாரித்து, வட்ட வரைபடமாக வரைந்து வரும்படி கணித ஆசிரியை சுபா அவளிடமும் தோழி ஜரீனாவிடமும் சொல்லியிருந்தார். படிவத்தில் மொத்தம் எண்பது பேர் என்பதும் அவர் சொன்ன கணக்குதான்.

பேட்மிண்டன் முப்பத்திரண்டு பேர். எண்பதில் அது நாற்பது விழுக்காடு. முழு வட்டம் முந்நூற்று அறுபது டிகிரி என்பதால் ஒரு விழுக்காட்டுக்கு 3.6. நாற்பதை 3.6ஆல் பெருக்கி, புரோட்டிராக்டரை வைத்து 144 டிகிரியில் கோடு போட்டாள். ஐவர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்தான ஃபுட்சால் முப்பது விழுக்காடு, 108. சிலம்பம் பத்து, 36. கேரம் பதினைந்து, 54.

"கூட்டினா 342தான் வருது. பதினெட்டு குறையுது," என்றாள் ரஞ்சனி.

"எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் இழுத்து விட்டுரு லா. யாருக்குத் தெரியப் போவுது?"

"விழுக்காடும் தொண்ணூத்தஞ்சுதான், ஜரீனா. கோடு சரியாத்தான் இருக்கு. அஞ்சு விழுக்காடுன்னா நாலு பேர். அந்த நாலு பேரை நாம கேக்கவே இல்ல."

படிவத்தின் மூன்று வகுப்பிலும் ஒருவர் விடாமல் கேட்டார்களே! பிறகு ஜரீனாதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கேண்டீன் பக்கம் இருக்கே, சிறப்புக் கல்வி வகுப்பு!"

ரஞ்சனிக்கு முகம் சுருங்கியது. தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் சாப்பிடப் போகிறாள்.

ஓய்வு நேரத்தில் போனார்கள். உள்ளே நான்கு பேரும் கேரம் பலகையைச் சுற்றி நின்றிருந்தார்கள். கேள்வியைக் கேட்டபோதும், சிந்து என்ற பெண் ஸ்டிரைக்கரைக் கீழே வைக்கவே இல்லை. "எங்களைக் கேக்க வந்தீங்களா? நெசமாவா? கேரம்! எங்க நாலு பேருக்கும் கேரம்."

மற்ற மூவரையும் ரஞ்சனி தனித்தனியாகக் கேட்டாள். அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

திரும்பி வந்து கேரமின் கடைசிக் கோட்டை அழித்தாள். பன்னிரண்டு பேர் பதினாறு பேரானார்கள், இருபது விழுக்காடு. ஐம்பத்து நான்கு எழுபத்திரண்டானது. வட்டம் மூடியது.

அட்டையைப் பார்த்த சுபா டீச்சர் கேரம் துண்டில் விரல் வைத்தார். "சரியா அஞ்சுல ஒண்ணு. அப்ப கேரம் கிளப் உண்டு."

ரஞ்சனி பேட்மிண்டனுக்குத்தான் பெயர் கொடுத்திருந்தாள். ஆனாலும் சேதியைச் சொல்ல அவள்தான் முதலில் கேண்டீன் பக்கம் ஓடினாள். சிந்து கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நீயும் ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போ," என்று பலகையில் இடம் விட்டாள்.