டிக்கியில் கிடந்த பழைய பம்ப்

மெக்கானிக் ஸ்பேனரக்காவுக்கு இது ஐந்தாவது இன்டர்வியூ. முந்தைய நான்கு இடங்களிலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அந்தச் சேதி இன்னும் எங்கோ தவழ்ந்து வந்துகொண்டிருக்கிறது. மூன்று மாதமாக வேலை இல்லை. "இன்னைக்காவது வாயை மூடிக்கிட்டுக் கையை மட்டும் ஓட்டுக்கா" என்று தங்கை பத்தாயிரம் தடவை சொல்லி அனுப்பியிருந்தாள்.

சர்வீஸ் சூப்பர்வைசருடைய மீசை அவருக்கு அரை நிமிஷம் முன்னாலேயே வந்துவிடும். ஸ்டார்ட் ஆகாத ஒரு காரைக் காட்டினார்.

"இதுதான் பரீட்சை. கோளாறைக் கண்டுபிடிச்சு, வண்டிக்காரம்மாவுக்குப் புரியிற மாதிரி சொல்லணும்."

சாவியைத் திருப்பினாள். என்ஜின் வேகமாகச் சுற்றியது. உயிர் மட்டும் வரவில்லை. அப்படியானால் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் குற்றவாளிகள் இல்லை. சாவியைப் பாதி திருப்பிவிட்டுப் பின்சீட்டில் காதை வைத்தாள். அதற்கடியில் இருக்கும் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடியாவது முனக வேண்டும். மூச்சில்லை. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. பம்புக்குக் கரண்ட் விடும் ரிலேயைக் கழற்றிவிட்டு, அதே ரகமான ஹார்ன் ரிலேயை அங்கே செருகினாள். பம்ப் முனகியது. கார் ஊரே அதிர உறுமியது.

நர்ஸ் உடுப்பில் வண்டிக்காரம்மா ஓடி வந்தாள். "அப்படியே எடுத்துட்டுப் போலாமா?"

"போலாம்மா, ஹார்ன் அடிக்காது. அதோட ரிலேயைத்தான் இரவல் வாங்கியிருக்கேன். புது ரிலே ஒண்ணு போட்டாப் போதும், தீப்பெட்டி அளவு சாமான்."

"போன மாசமும் இப்படித்தான் நின்னுச்சு. இங்கதானே புதுப் பம்ப் போட்டாங்க? அப்ப அது எதுக்கு?"

சூப்பர்வைசரின் மீசை விறைத்தது. தங்கையின் குரல் காதுக்குள் மணியடித்தது.

"பழசைப் பாக்காம சொல்ல முடியாதும்மா" என்றாள் ஸ்பேனர்.

"டிக்கியிலதான் கெடக்கு. கழட்டின சாமானை உங்க ஆளுங்கதான் கையில குடுத்தாங்களே!"

பம்ப் காய்ந்து, பெட்ரோல் வாசமே இல்லாமல் இருந்தது. திறந்தவெளிக்குக் கொண்டுபோய், ஒரு கண் இமைப்புக்குக் கரண்ட் கொடுத்தாள். உய்ங்!

"சுத்துதும்மா. பிரஷர் பாத்தாத்தான் முழுசாச் சொல்லலாம். ஆனா கெட்ட ரிலே சூடானா விட்டுரும், ஆறினா பிடிச்சுக்கும். பம்ப் மாத்துற நேரத்துல அது ஆறியிருக்கும், அதனால மாத்தினதும் சரியான மாதிரி தெரிஞ்சிருக்கும். முதல்ல ரிலேயைத்தான் பாத்திருக்கணும்."

வண்டிக்காரம்மா சூப்பர்வைசரைப் பார்த்த பார்வையில் அரை டன் இரும்பு உருகியிருக்கும்.

சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அவள் போனாள். ஸ்பேனர் புது ரிலேயை மாட்டி முடித்ததும், சூப்பர்வைசர் வேலைக்குச் சேரும் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். "கை வேலை சுத்தம். நாளைக்கே வாங்க. ஒரே கண்டிஷன், கஸ்டமர்கிட்ட நீங்க பேசக் கூடாது."

"அப்ப யார் சார் பேசுவா?"

"நான்."

ஸ்பேனருக்கு வீட்டு வாசலில் நிற்கப்போகும் தங்கையின் முகம் கண்முன் வந்தது. கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடி, படிவத்தின் மேலேயே வைத்துத் திருப்பி நகர்த்தினாள்.

"ஹார்ன் ரிலேயை அதோட இடத்துல போட்டுட்டேன் சார். புதுசு மாட்டியாச்சு. ஒரு தடவை அடிச்சுப் பாத்துட்டுக் குடுங்க."