விரல் 2

என் வீட்டில் யார் மேலும் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. அதை நான் ஒளித்ததும் இல்லை. வாரம் தவறாமல் போனின் ரகசிய எண்ணை மாற்றிவிடுவேன். "அப்படி என்னதான் வச்சிருக்கே, ராணுவ ரகசியமா?" என்று கணவர் கேலி செய்வார். செய்யட்டும்.

இன்று காலை வங்கிச் செயலியைத் திறக்க விரலை வைத்தேன். இந்த போனில் கைரேகைப் பதிவுகள் மாறியிருக்கின்றன, கடவுச்சொல் போடுங்கள் என்றது. ரகசிய எண்ணைப் போட்டு அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் விரல் 1, விரல் 2 என்று இரண்டு இருந்தன. நான் பதிந்தது ஒன்றுதான்.

போன வாரம் பாத்திரம் கழுவும்போது மயங்கி விழுந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். போன் கணவரிடம் இருந்தது. வீடு திரும்பியதுமே எண்ணை மாற்றினேன். எண்ணை மாற்றினாலும் பதிந்த விரல் அழியாது என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்தப் பட்டியல் திறந்திருக்கும்போது யார் விரல் வைத்தாலும், அவர்களுடைய பதிவு மட்டும் மின்னும். போனை அவர் முன்னால் நீட்டினேன்.

"ஒவ்வொரு விரலா வைங்க."

"கால் விரலும் வேணுமா?"

நான் சிரிக்கவில்லை. மின்னினால் அண்ணன் வீட்டுக்குக் கிளம்புவது என்று முடிவே செய்திருந்தேன். அவர் முகமும் சுருங்கிப்போனது. பத்து விரலையும் வைத்தார். எதுவும் மின்னவில்லை.

"சந்தேகம் தீந்துச்சா?"

"வேற யாரு அப்ப?"

உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்தாள். இடது கட்டைவிரலை வைத்தாள். விரல் 2 மின்னியது.

"நீயாடி? உனக்கு எப்படி நம்பர் தெரியும்?"

"ஆஸ்பத்திரில நீதாம்மா சொன்னே, அரை மயக்கத்துல. நீ எப்படியும் மாத்திடுவேன்னு தெரியும். அதான் விரலைப் பதிஞ்சுட்டேன்."

"என் போன் உனக்கு எதுக்கு?"

"நீ விழுந்தப்போ என் போன்லேர்ந்து டாக்டரைக் கூப்பிட்டேன். என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு கேட்டாரு. லிஸ்ட் உன் போன்லதான் இருக்கு. உன் விரலை எடுத்து வச்சேன். ஈரம். துடைச்சுத் துடைச்சு அஞ்சு தடவை வச்சேம்மா. அப்புறம் விரலே வேணாம், நம்பர் போடுன்னுடுச்சு. முந்தின நாள்தான் நீ மாத்தியிருந்தே."

என் கையைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்ததை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் வெளியே வரும்.

"ஒரு விரல்தான் பதிவியா? அதுவும் ஈரமா இருந்தா? வலது கையையும் வை. நீங்களும் வாங்க, அங்க என்ன பாத்துட்டிருக்கீங்க?"

இருவரும் பதிந்தார்கள். வங்கிச் செயலி மறுபடியும் கடவுச்சொல் கேட்டது. அதற்கும் என் மாதிரியே சந்தேகப் புத்தி. அவர்கள் பார்க்கப் பார்க்கவே போட்டேன்.