உமாராணியின் மொய்க் கணக்கு

உமாராணியை ஏமாற்றிவிட்டு எந்த விசேஷமும் வந்துவிட முடியாது. சித்திரை பிறந்ததும் மகள் சடங்கின் மொய் நோட்டை விரித்து உட்கார்ந்துவிடுவாள். யார் எவ்வளவு செய்தார்கள், இந்த வருஷம் யார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று பார்த்து, புருஷன் சம்பளத்தில் மாதம் மூவாயிரம் ஒதுக்கி மாதவாரியாகக் கவர் போடுவாள். ஐந்நூறு செய்தவர்களுக்கு எழுநூறு. ஆடியிலும் மார்கழியிலும் விசேஷம் கிடையாது; அந்த இரண்டு மாதத்து மூவாயிரமும் ஆவணிக்கும் தைக்கும் போகும். தென்காசி ஹார்டுவேர் கடையில் கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம் முகூர்த்த மாதத்தில் வட்டிக்கு அலைய, அவள் புருஷன் பேச்சிராஜ் மட்டும் நாலு வருஷமாக ராஜா மாதிரி இருந்தான். என்ன பொம்பளை!

ஆனால் இந்த ஆடியில் ஆவணிப் பட்டியலைப் பார்த்தவன் பெயர்களை இரண்டு தடவை எண்ணினான். பதிமூன்று பேர் இருந்தார்கள். அவன் தங்கை இராமலட்சுமி பெயர் இல்லை. கீழப்பாவூரில் புருஷன் இல்லாமல் மகளை வளர்த்தவள். அந்த மகளுக்குத்தான் ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் வெறுங்கையோடு போய் நிற்பதா?

மொய் நோட்டில் தங்கை எழுதியது வெறும் நூற்றியொன்று. அதனால்தான் விட்டுவிட்டாள் என்று அவனாகவே முடிவு கட்டினான். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, வீம்பு. முதலாளியிடம் இருபத்தைந்தாயிரம் அட்வான்ஸ் வாங்கி வந்தான். மாதம் மூவாயிரம் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.

அன்று சாயங்காலமே உமாராணிக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த மூவாயிரம் போச்சுன்னா வருஷம் பூராக் கவர் காலியாயிரும்லா? என்னத்துக்கு வாங்குனிய?"

"எந் தங்கச்சி பேர நீ எழுதலேல்லா! நூத்தியொண்ணு எழுதுனவன்னுதான?"

உமாராணி பீடித்தட்டைக் கீழே வைத்தாள். நகைக்கடைச் சீட்டு அட்டையை எடுத்து வந்து அவன் மடியில் போட்டாள். போன புரட்டாசியிலிருந்து மாதம் இரண்டாயிரம், பதினோரு தவணை. எல்லாம் பீடி சுற்றிய கூலி.

"கூடப்பொறந்தவளுக்கு மொய்யா செய்வாக? சீர்லா செய்யணும். நம்ம வீட்டுச் சடங்குக்கு மூணு நாள் அடுப்படியிலயே கெடந்தா. அத எந்த நோட்டுல எழுத?"

பேச்சிராஜ் அட்டையைப் பத்திரமாக அவள் கையிலேயே கொடுத்தான். மறுநாள் கடை திறந்ததும் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தான்.

குற்றாலத்து மண்டபத்தில் கல்யாணம். பேச்சிராஜ் மருமகள் விரலில் இரண்டு கிராம் மோதிரத்தைப் போட்டான். இராமலட்சுமி அண்ணன் தோளில் சாய்ந்து அழுதேவிட்டாள். மொய் எழுதிக்கொண்டிருந்த காந்திமதிநாதன் அண்ணாச்சி கூப்பிட்டுக் கேட்டார்: "தாய்மாமன் மோதிரம், எத்தன கிராம்னு போட?"

பத்து ரூபாய் கூட எழுதாமல் விடாத உமாராணி, விறுவிறுவென்று வந்து நோட்டின் மேல் கையை வைத்தாள்.

"இத மட்டும் எழுதாதிய அண்ணாச்சி. எழுதுனா, திருப்பிச் செய்யணுமேன்னு அவ நெனப்பா."