தொப்பியில் தைக்கும் பெயர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்புறம் உள்ள அச்சுக்கடையில், கிஷாந்த் கணினித் திரையை வினோதாவின் பக்கம் திருப்பி வைத்தான். அதில் இரண்டு லோகோக்கள் இருந்தன. ஒன்று வெறும் படம்: காதை மூடும் கம்பளித் தொப்பி, அதன் இருபுறமும் தொங்கும் குஞ்சம். மற்றது வெறும் பெயர்: சிங்கள எழுத்தில் ‘பூரணி’.

“நல்லதண்ணியில மலையேற வந்து தொப்பி வாங்குறவங்க பெரும்பாலும் சிங்கள ஆளுங்கதானேக்கா? அதான் சிங்களத்துல போட்டேன். ரெண்டு சென்டிமீட்டர் லேபிள். தமிழையும் நெருக்கி வச்சா நெய்யும்போது சுழியெல்லாம் அடைஞ்சு போகும்.”

“ரெண்டையும் சேத்துப் போட முடியாதா?”

“பெயரு ஒரு எறும்பு, படம் ஒரு எறும்புன்னு ஆயிரும். ஐந்நூறு லேபிளுக்கு ஒரே டிசைன்தான் கொழும்புல எடுப்பாங்க. மாசக் கடைசிக்குள்ள சொல்லிருங்க.”

வினோதாவுக்குப் பக்கத்தில் அவளுடைய நாத்தனார் பூரணி நின்றாள். முழங்கால் வலியால் தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டுத் தொப்பி பின்னுகிறவள் அவள்தான். விற்பனையும் போனும் வினோதாவின் பொறுப்பு.

“காலையில வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுல பதினேழு வருஷம் கூப்பிட்ட பேரு அண்ணி. ஒரு தொப்பியிலயாவது இருக்கட்டுமே” என்றாள் பூரணி.

எதையும் பரீட்சை பார்க்காமல் முடிவெடுப்பது வினோதாவின் வழக்கமல்ல. ரிப்பன் துணியில் இரண்டு வகையிலும் பத்துப் பத்து லேபிள் அச்சடித்து வாங்கினாள். பூரணி இருபது தொப்பிகளிலும் தைத்தாள். யாத்திரை மலையின் அடிவாரமான நல்லதண்ணியில் பருவகாலக் கடை போடும் செல்லசாமியிடம் அவற்றைக் கொடுத்தார்கள்.

மூன்றாம் வாரம் அவர் மஸ்கெலியா பஸ்ஸில் இறங்கி அவர்கள் வீட்டுக்கு வந்தார்.

“படம் போட்டது முதல்ல போயிருச்சு. சின்னப் புள்ளைங்க குஞ்சத்தக் காட்டிக் கேக்குதுங்க. ஆனா நம்மகிட்ட வாங்குன ஒரு பொம்பள மலையிலருந்து எறங்கி, இன்னும் நாலு வேணும்னு தேடிப் போயிருக்கு. எந்தக் கடைத் தொப்பின்னு சொல்லத் தெரியல. பக்கத்துக் கடைக்காரன் குஞ்சம் வச்ச தொப்பியா எடுத்துக் குடுத்து அனுப்பிட்டான்.”

“பேரு போட்டது?”

“அது ஒம்பது போச்சு.” செல்லசாமி பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். “இதுதான் மிச்சம். பாரு புள்ள, பேரு தலைகீழா நிக்குது. என்ன, தொப்பியவே தலைகீழாப் போடுறதா?”

அவர் சிரித்தார். பூரணி சிரிக்கவில்லை. லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்குச் சிங்களம் வாசிக்க வராதே அண்ணி, எது மேல, எது கீழன்னு தெரியல. எல்லாம் வட்டம் வட்டமா இருந்துச்சு. படத்தையே போட்டுருங்க. குஞ்சம் கீழ தொங்கும்னு எனக்கும் தெரியும்.”

தான் ஆசைப்பட்ட பெயரை அவளே விட்டுக்கொடுக்கிறாள் என்பது வினோதாவுக்குப் புரிந்தது. அவள் போனை எடுத்து, முந்தின நாள் தங்களுடைய ‘பூரணி’ பேஸ்புக் பக்கத்துக்கு வந்திருந்த ஒரு செய்தியைக் காட்டினாள். குருநாகலில் ஒரு டீச்சர் பன்னிரண்டு தொப்பி கேட்டிருந்தார். தொப்பியில் இருந்த பெயரைத் தட்டித் தேடிப் பார்த்தாராம்.

“படத்த எப்படி பூரணி தட்டித் தேடுறது? நம்மள யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச பொறவு படம் போட்டுக்கலாம்.”

“நான் தலைகீழாத் தைச்சா?”

“அதுக்கு ஒரு வழி பாக்கலாம்.”

அடுத்த நாள் இருவரும் மறுபடியும் ஹட்டனுக்குப் போனார்கள். மேலே சிங்களம் பெரிதாக, கீழே தமிழ் சிறிதாக வேண்டும் என்றாள் வினோதா.

“சுழி அடையும்னு சொன்னேனேக்கா. மூனரை சென்டிமீட்டராவது வேணும். அவ்வளவு பெரிய லேபிள் தொப்பி விளிம்பு மடிப்புல நிக்காது.”

பூரணி தொப்பியின் விளிம்பை விரலால் அளந்தாள். “மடிப்ப இன்னும் நாலு வரி கூட்டிப் பின்னுறேன் தம்பி. காதுக்கும் சூடா இருக்கும். நீங்க பெருசாவே நெய்யச் சொல்லுங்க.”

கிஷாந்த் திரையில் எழுத்துகளைப் பெரிதாக்கி, ஒரு துண்டுத் தாளில் அதே அளவில் அச்சடித்துக் கொடுத்தான். பூரணி அதைத் தொப்பியின் மேல் வைத்துப் பார்த்தாள். தமிழ் கீழே இருந்தது. பிறகு வேண்டுமென்றே தாளைத் தலைகீழாக வைத்து, உடனே சரியாகத் திருப்பினாள்.

“இப்பத் தப்பாது” என்றாள்.

தை மாதம் லேபிள்கள் வந்தன. முதல் கட்டு லேபிள்களைத் தைத்து முடித்த நேரத்தில் செல்லசாமி வந்து, ஒவ்வொரு தொப்பியாக எடுத்துப் பார்த்தார்.

“என்ன புள்ள, ஒன்னு கூடக் கவுந்து கிடக்கல?”

“வேணும்னா ஒங்களுக்கு மட்டும் ஒன்னு கவுத்துத் தைக்கிறேன் மாமா” என்றபடி பூரணி அடுத்த தொப்பியை எடுத்தாள்.